13 பேரில் இரண்டு பேருக்கு ஒரே பிறந்த மாதம்: அது ஏன் ‘கட்டாயம்’?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 6-இல் படிக்கிறான். 13 பேர் இருந்தால் குறைந்தது இரண்டு பேராவது ஒரே மாதத்தில் பிறந்திருப்பார்கள், அது கட்டாயம் என்று துணைப்பாட வகுப்பில் சொன்னார்களாம். “13 பேரும் தற்செயலாக வேறு வேறு மாதத்தில் பிறந்திருக்கக் கூடாதா? யாரிடமும் கேட்காமலே எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்?” என்று என்னைப் பிடித்துக்கொண்டான். ஏதோ புறாக்கூண்டு என்கிறான். எனக்கு விளங்கச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் விளக்குங்களேன்.

பதில்:

முதலில் மகனை ஒரு வெள்ளைத் தாளில் ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 கட்டங்கள் போடச் சொல்லுங்கள். அப்புறம் 13 பொத்தான்களையோ காசுகளையோ கையில் கொடுத்து, “எந்தக் கட்டத்திலும் இரண்டு விழாமல் எல்லாவற்றையும் வைத்துக் காட்டு” என்று சொல்லிவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். அவன் விருப்பப்படி வைக்கட்டும், எடுத்து மாற்றி வைக்கட்டும். எப்படி வைத்தாலும் கடைசியில் ஒன்று கையில் மிஞ்சும், அல்லது ஏதாவது ஒரு கட்டத்தில் இரண்டு கிடக்கும். இதை அவன் தன் கையால் செய்து பார்த்துவிட்டால் பாதி விளங்கிவிடும்.

மீதிப் பாதிதான் அவனுடைய உண்மையான கேள்வி. “நான் வைத்த விதங்களில் முடியவில்லை, சரி. நான் யோசிக்காத வேறு விதத்தில் வைத்தால்?” இந்தச் சந்தேகம் நல்ல சந்தேகம். வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறது. “முதல் 12 பேரும் ஆளுக்கொரு மாதத்தில் பிறந்தவர்கள் என்று வை. 13ஆவது ஆளுக்குப் புது மாதம் கிடையாது. அதனால் அவர் ஏற்கெனவே இருக்கும் ஒருவரோடு சேர்ந்தே ஆக வேண்டும்” என்பார்கள். கூர்ந்து கேட்கும் பிள்ளை உடனே மடக்குவான்: “முதல் 12 பேரும் வேறு வேறு மாதத்தில் பிறந்தவர்கள் என்று யார் சொன்னது?”

அதற்குப் பதில் இதுதான். முதல் 12 பேரைப் பற்றி இரண்டே நிலைமைகள்தான் இருக்க முடியும். ஒன்று, அவர்களுக்குள்ளேயே யாரோ இருவருக்கு ஒரே மாதம். அப்படியானால் நாம் தேடியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது, 13ஆவது ஆள் எந்த மாதம் என்று பார்க்கவே வேண்டாம். இன்னொன்று, 12 பேரும் வேறு வேறு மாதம். அப்படியானால் 12 மாதங்களும் ஆளுக்கொன்றாகப் போய்விட்டன, காலி மாதம் ஒன்றுகூட இல்லை, 13ஆவது ஆள் எந்த மாதம் என்றாலும் அங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். மூன்றாவது நிலைமை என்று எதுவும் இல்லை. எந்த வழியாகப் போனாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கிறோம்.

பெரிய வகுப்புகளில் இதையே தலைகீழாகச் சொல்வார்கள். எனக்கு அந்த வடிவம்தான் அதிகம் பிடிக்கும், ஏனென்றால் அதில் முதல், இரண்டாவது என்ற வரிசையே தேவைப்படாது. எந்த மாதத்திலும் ஒருவருக்கு மேல் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஜனவரியில் அதிகம் போனால் ஒருவர், பிப்ரவரியில் அதிகம் போனால் ஒருவர், இப்படியே டிசம்பர் வரை. எல்லாவற்றையும் கூட்டினால் அதிகம் போனால் 12 பேர். நம்மிடம் இருப்பதோ 13 பேர். கணக்கு இடிக்கிறது. ஆகவே நாம் வைத்துக்கொண்டது தவறு. ஏதோ ஒரு மாதத்திலாவது ஒருவருக்கு மேல் இருந்தே தீர வேண்டும். விடைத்தாளில் எழுத வேண்டும் என்றால் இந்த நாலைந்து வரி போதும். “மிக மோசமான சூழலில்…” என்று தொடங்கி ஒரே ஒரு அடுக்குமுறையை மட்டும் விவரித்து நிறுத்திவிட்டால், மற்ற அடுக்குமுறைகளைப் பற்றி எதுவும் சொன்னதாக ஆகாது.

இந்த நிரூபணத்தில் எதெல்லாம் வரவே இல்லை என்று கவனியுங்கள். பிப்ரவரிக்கு 28 நாள்தானே என்பது வரவில்லை. சில மாதங்களில் குழந்தைகள் அதிகம் பிறக்கின்றனவா என்பது வரவில்லை. அந்த 13 பேரில் இரட்டையர் உண்டா, அவர்கள் எந்த நாட்டில் பிறந்தவர்கள் என்பதும் வரவில்லை. நம் பெரியவர்களில் பலருக்கு உண்மையில் பிறந்த தேதி ஒன்று, பள்ளியில் சேர்க்கும்போது எழுதிக் கொடுத்த தேதி வேறொன்று. அதனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. அடையாள அட்டையில் எழுதியிருக்கும் மாதத்தை எடுத்துக்கொண்டால் அந்த மாதங்களில் இரண்டு ஒன்றாக இருக்கும். வீட்டுப் பாட்டி சொல்லும் மாதத்தை எடுத்துக்கொண்டால் அவற்றிலும் இரண்டு ஒன்றாக இருக்கும். இந்த நிரூபணம் கேட்பது ஒன்றே ஒன்று: ஒவ்வொருவருக்கும் ஒரு மாதம் குறித்திருக்க வேண்டும், அந்த மாதம் 12-க்குள் ஒன்றாக இருக்க வேண்டும். யாரிடமும் கேட்காமல் உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் அதுதான். கேட்டால் கிடைக்கும் பதில் எதுவாக இருந்தாலும் இந்தக் கூட்டலை அது மாற்றப் போவதில்லை.

புறாக்கூண்டுக் கொள்கை என்று உங்கள் மகன் சொன்னது இதைத்தான். வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கின்றனவே, அப்படி 12 பெட்டிகளில் 13 கடிதங்களைப் போட்டால் ஏதோ ஒரு பெட்டியில் இரண்டாவது விழும். கூண்டு என்பது பெட்டி, புறா என்பது கடிதம். அவ்வளவுதான் கொள்கை.

இப்போது ‘கட்டாயம்’ என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். குழப்பம் முழுவதும் இருப்பது அங்கேதான். 12 பேர் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கு முன் 5 பேரைப் பார்ப்போம். எல்லா மாதத்துக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், ஆனால் தோராயக் கணக்குக்கு இது போதும். முதல் ஆள் எந்த மாதமாகவும் இருக்கட்டும். இரண்டாவது ஆள் அவரோடு மோதாமல் இருக்க மீதி 11 மாதங்களில் ஒன்றில் பிறந்திருக்க வேண்டும், அதாவது 12-க்கு 11 வாய்ப்பு. மூன்றாவது ஆளுக்கு 12-க்கு 10, அடுத்தவருக்கு 9, ஐந்தாவது ஆளுக்கு 8. பெருக்கினால்:

(11 × 10 × 9 × 8) ÷ (12 × 12 × 12 × 12) = 7920 ÷ 20736 ≈ 0.38

ஆக, 5 பேரும் வேறு வேறு மாதமாக இருக்கும் வாய்ப்பு 38 விழுக்காடுதான். 62 விழுக்காடு வாய்ப்பு, யாரோ இருவருக்கு ஒரே மாதம். வெறும் 5 பேருக்கே இப்படி! இதையே நீட்டிக்கொண்டு போனால், 10 பேர் கொண்ட குழுக்களில் ஏறக்குறைய 260-க்கு ஒன்றில்தான் எல்லோரும் வேறு வேறு மாதமாக இருப்பார்கள். 12 பேர் என்றால் ஏறக்குறைய 18,600 குழுக்களுக்கு ஒன்று.

இந்த 18,600 எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. ஒருவர் தினமும் 12 பேர் கொண்ட புதிய குழு ஒன்றைப் பார்த்துப் பிறந்த மாதங்களைக் கேட்டுக் குறித்துக்கொண்டே வந்தால், 12 மாதங்களும் தனித்தனியாக அமைந்த குழு சராசரியாக 51 ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் கண்ணில் படும். நீங்கள் சமூக மன்றத்தில் 12 பேரைக் கூட்டிக் கேட்டாலும், கோயில் தொண்டூழியர்களில் 12 பேரைக் கேட்டாலும், எம்ஆர்டி பெட்டியில் எதிரில் இருக்கும் 12 பேரைக் கேட்டாலும் ஒரே மாதக்காரர்கள் இருவர் கிடைத்துக்கொண்டே இருப்பார்கள். அனுபவத்தை மட்டும் நம்பினால் “12 பேருக்கே இது கட்டாயம்” என்று சத்தியம் செய்துவிடுவோம்.

ஆனால் அது கட்டாயம் இல்லை. வேண்டுமென்றே ஜனவரியில் பிறந்த ஒருவர், பிப்ரவரியில் பிறந்த ஒருவர் என்று தேடிப் பிடித்து 12 பேரை ஒரே மேசையில் உட்கார வைக்கலாம். ஓர் அரிய குழு போதும், ‘கட்டாயம்’ என்ற சொல் விழுந்துவிடும். 13 பேருக்கு அப்படி ஒரு குழுவை உலகம் முழுக்கத் தேடினாலும் திரட்ட முடியாது. கண்ணால் பார்த்து 12-க்கும் 13-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். இரண்டும் ‘எப்போதும் நடக்கிற’ மாதிரியே தெரியும். அந்த நாலு வரிக் கூட்டல்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. உங்கள் மகன் ‘தற்செயலாக’ என்று கேட்டானே, தற்செயலுக்கு இடம் இருப்பது 12 வரைக்கும்தான்.

பிறந்த மாதத்துக்குப் பதில் பிறந்த நாளை எடுத்தால் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிவிடும். 23 பேர் இருந்தாலே யாரோ இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடும் என்பது பிரபலமான கணக்கு. ஆனால் கட்டாயம் என்று சொல்ல 367 பேர் வேண்டும், ஏனென்றால் பிப்ரவரி 29-ஐயும் சேர்த்து 366 நாள்கள் இருக்கின்றன. இந்த 23-ஐயும் நம் 13-ஐயும் ஒரே வகைக் கணக்கு என்று நினைத்துக் குழம்புபவர்கள் நிறையப் பேர். 23 என்பது வாய்ப்பைப் பற்றியது, 13 என்பது உறுதியைப் பற்றியது.

அடுத்து, இந்தக் கொள்கை எதைச் சொல்வதில்லை என்பதையும் மகனுக்குச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் அங்கேதான். எந்த மாதம் என்று அது சொல்லாது. எந்த இருவர் என்று சொல்லாது. சரியாக இருவர் என்றும் சொல்லாது, ‘குறைந்தது’ என்றுதான் சொல்லும்; 13 பேருமே ஆகஸ்டில் பிறந்திருந்தாலும் கொள்கைக்கு ஒரு குறையும் இல்லை. ஒவ்வொரு மாதத்திலும் ஒருவராவது இருப்பார் என்றும் அது சொல்லவில்லை. இதைத்தான் பலர் அறியாமலே சேர்த்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று: “என்னுடைய மாதத்தில் இன்னொருவர் இருப்பார்” என்று அது யாருக்கும் உறுதி தருவதில்லை. உங்கள் மகன் மார்ச்சில் பிறந்தவன் என்று வையுங்கள். அவனோடு 12 பேர் இருந்தால் அவர்களில் ஒருவராவது மார்ச்சாக இருக்கும் வாய்ப்பு சுமார் 65 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யாருமே இல்லாமல் போகலாம். 12-ஐ 1,000 ஆக்கினாலும் கட்டாயம் வராது, ஏனென்றால் அந்த 1,000 பேரும் வேறு மாதங்களில் பிறந்திருக்கலாம். அப்படி நடப்பது மிக மிக அரிது, ஆனாலும் கணக்கில் அதற்கு இடம் உண்டு. ‘யாரோ இருவர்’ என்பதும் ‘நானும் இன்னொருவரும்’ என்பதும் வேறு வேறு கேள்விகள். 13 பேருக்குள் 78 சோடிகள் இருக்கின்றன. உங்கள் மகன் சம்பந்தப்பட்டவை அவற்றில் 12 மட்டுமே. பொருந்தும் சோடி மீதி 66-இல் ஒளிந்திருக்கலாம்.

இரண்டு பேருக்குப் பதில் மூன்று பேர் வேண்டுமென்றால்? அதே கூட்டல்தான். ஒவ்வொரு மாதத்திலும் அதிகம் போனால் இரண்டு பேர் என்றால் மொத்தம் 24. ஆகவே 25 பேர் இருந்தால் ஏதோ ஒரு மாதத்தில் மூவர் கட்டாயம். 40 பேர் படிக்கும் வகுப்பில் மாதத்துக்கு மூவர் என்று வைத்தாலும் 36 பேருக்குத்தான் இடம் இருக்கிறது, அதனால் ஏதோ ஒரு மாதத்தில் நால்வர் இருந்தே ஆக வேண்டும். மகனின் வகுப்பில் நாளைக்கே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக நாலுக்கும் மேலேயே வரும், ஆனால் எல்லா மாதமும் நாலுக்குக் கீழே இருக்கவே முடியாது.

இந்த யோசனை ஜெர்மானியக் கணிதர் டிரிஷ்லே (1805–1859) பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆனால் அவருக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1622-இல், லூரெஷோன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தலைமுடியை வைத்துச் சொல்லியிருக்கிறார்: ஒரே எண்ணிக்கையில் முடி உள்ள இருவர் உலகில் இருந்தே ஆக வேண்டும் என்று. சிங்கப்பூருக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். மனிதத் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கும். தாராளமாக, யாருக்கும் 5 லட்சத்துக்கு மேல் கிடையாது என்று வைத்துக்கொள்வோம். வழுக்கைத் தலையின் பூச்சியத்தையும் சேர்த்து 5,00,001 கூண்டுகள். இங்கே இருப்பவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். கூண்டுக்கு 11 பேர் என்று நிரப்பினாலும் 55 லட்சத்துச் சொச்சம்தான் அடங்கும். ஆகவே இந்தத் தீவில் இந்த நிமிடம் குறைந்தது 12 பேருக்குத் தலைமுடி எண்ணிக்கை துல்லியமாக ஒன்று. யார் அவர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, இருக்கிறார்கள் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

இதுவரை பார்த்ததில் எது கூண்டு, எது புறா என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. கணக்குப் போட்டிகளுக்குப் போகிற பிள்ளைகள் திணறுவது கூண்டு மறைந்திருக்கும் கேள்விகளில். அதற்கு ஒன்று மட்டும் காட்டுகிறேன், அதே 13-ஐ வைத்தே.

ஈசூனில் ஒரு வீட்டில் தீபாவளி விருந்து. வீட்டுக்காரர்களையும் சேர்த்து 13 பேர். சிலர் கைகுலுக்குகிறார்கள், சிலர் கும்பிட்டு வணக்கம் சொல்வதோடு சரி. விருந்து முடிந்ததும் ஒவ்வொருவரும் ‘நான் எத்தனை பேரோடு கைகுலுக்கினேன்’ என்று ஒரு சீட்டில் எழுதுகிறார்கள். ஒருவரோடு இரண்டு தடவை குலுக்கினாலும் ஒன்றுதான். குறைந்தது இரண்டு சீட்டுகளில் ஒரே எண் இருக்கும் என்று நான் சொல்கிறேன், விருந்தில் என்ன நடந்தது என்று எதுவுமே தெரியாமல்.

கூண்டுகளை எண்ணுவோம். ஒருவர் யாரோடும் கைகுலுக்காமல் இருந்திருக்கலாம், அதாவது 0. அதிகம் போனால் தன்னைத் தவிர மற்ற எல்லோரோடும், அதாவது 12. 0 முதல் 12 வரை எண்ணினால் 13 எண்கள். புறாவும் 13, கூண்டும் 13. கொள்கை இங்கே கைவிட்டுவிட்டது போலத் தெரியும், பல பிள்ளைகள் இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள்.

கொஞ்சம் நின்று யோசித்தால் வழி இருக்கிறது. ஒருவர் 12 என்று எழுதினால் அவர் மற்ற எல்லோரோடும் கைகுலுக்கியிருக்கிறார். அந்த ‘எல்லோரிலும்’ 0 என்று எழுதியவரும் அடக்கம். ஆனால் 0 எழுதியவர் யாரோடும் குலுக்கவில்லையே! ஆகவே ஒரே விருந்தில் 0 சீட்டும் 12 சீட்டும் சேர்ந்து இருக்கவே முடியாது. இரண்டில் ஒன்று காலியாகத்தான் கிடக்கும். உண்மையில் பயன்படக்கூடிய கூண்டுகள் 12 மட்டுமே, புறாக்கள் 13. இரண்டு சீட்டுகளில் ஒரே எண். இதே வாதம் 2 பேர் விருந்துக்கும் செல்லும், 200 பேர் கல்யாணத்துக்கும் செல்லும். கூண்டுகளை எண்ணும்போது எல்லாக் கூண்டும் ஒரே நேரத்தில் நிரம்பக்கூடியவைதானா என்று பார்க்க வேண்டும், இந்தக் கணக்கின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நம் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு கேள்வியும் கொடுக்கலாம், வேறு மொழிப் பாடப் புத்தகத்தில் கிடைக்காத கேள்வி. நமக்கு இரண்டு வகை மாதங்கள் உண்டே. சித்திரை முதல் பங்குனி வரையும் 12, ஜனவரி முதல் டிசம்பர் வரையும் 12. ஆகவே 13 பேரில் ஆங்கில மாதம் ஒன்றாக இருக்கும் சோடி கட்டாயம் உண்டு. தமிழ் மாதம் ஒன்றாக இருக்கும் சோடியும் கட்டாயம் உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கும் சோடி கட்டாயம் உண்டா?

இல்லை. இதோ ஒரு குழு. ஒருவர் ஜனவரி 5-இல் பிறந்தவர். மற்ற 12 பேரும் ஒவ்வொரு மாதமும் 25ஆம் தேதியில் ஆளுக்கொருவர்: ஜனவரி 25, பிப்ரவரி 25, இப்படி டிசம்பர் 25 வரை. ஆங்கில மாதத்தில் ஒத்துப்போகும் சோடி ஜனவரி 5-உம் ஜனவரி 25-உம் மட்டும். ஆனால் முன்னவர் மார்கழி, பின்னவர் தை, நடுவே பொங்கல் வந்துவிட்டது. தமிழ் மாதத்தில் ஒத்துப்போகும் சோடி ஜனவரி 5-உம் டிசம்பர் 25-உம், இருவரும் மார்கழி. அவர்களுக்கு ஆங்கில மாதம் வேறு. ஒவ்வொரு நாட்காட்டியும் தனக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டது, ஆனால் வேறு வேறு சோடிகளாக.

அப்படியானால் இரண்டு மாதமும் ஒன்றாக இருக்கும் சோடி வேண்டுமென்றால் எத்தனை பேர் வேண்டும்? 12 × 12 = 144 கூண்டுகள், அதனால் 145 பேர் என்று சொல்லத் தோன்றும். அது தவறான விடை என்று சொல்ல முடியாது, 145 பேர் இருந்தால் கட்டாயம்தான். ஆனால் தேவைக்கு மேல் மிக அதிகம். தையும் ஜூலையும் சேர்ந்த கூண்டில் யாராவது விழ முடியுமா? முடியாது. கைகுலுக்கலில் நடந்த அதே கதை, எண்ணிய கூண்டுகளில் பல சும்மா இருப்பவை. தமிழ் மாதம் ஒவ்வொன்றும் ஆங்கில மாதத்தின் நடுவாக்கில் பிறக்கிறது. தேதி ஆண்டுக்கு ஆண்டு ஒன்றிரண்டு நாள் தள்ளிப் போகலாம், ஆனால் ஜனவரி என்றால் மார்கழியும் தையும்தான், பிப்ரவரி என்றால் தையும் மாசியும்தான். ஓர் ஆங்கில மாதத்துக்குள் இரண்டே தமிழ் மாதங்கள். மொத்தம் 24 கூண்டுகள், 25 பேர் போதும்.

இதையே இரண்டு படியாகவும் செய்யலாம். 25 பேர் இருந்தால் ஏதோ ஓர் ஆங்கில மாதத்தில் மூவர் இருக்கிறார்கள் என்று மேலே பார்த்தோம். அந்த ஓர் ஆங்கில மாதத்துக்குள் இருப்பது இரண்டு தமிழ் மாதங்கள். மூன்று பேர், இரண்டு கூண்டு. அந்த மூவரில் இருவருக்குத் தமிழ் மாதமும் ஒன்று. 24 பேர் போதாது என்பதற்கு, ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி ஒருவர், 25ஆம் தேதி ஒருவர் என்று எடுத்துக் கட்டங்களில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.